பாதாம் மரத்தடியில் கேட்டது

2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, மொரீஷியஸில் தைப்பூசக் காவடி. அதற்கு முந்தைய நாள், அதாவது திங்கட்கிழமை மாலை, எங்கள் ஆரம்பப் பள்ளியின் முற்றத்தில் இருக்கும் பாதாம் மரத்தடியில் ஒன்பது பிள்ளைகள் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தார்கள். பள்ளி வேன்கள் போய்விட்டன. பிப்ரவரி மாதத்து மழை தூறத் தொடங்கியிருந்தது. பாட்டு ஒத்திகை நடக்கும் என்று நம்பி அவர்கள் காத்திருந்தார்கள். ஒத்திகை கிடையாது என்று அன்று காலை அறிவித்தவள் நான்தான். என் குரலில், என் தமிழில், முற்றம் முழுக்கக் கேட்கும்படி.

காவல்காரர் பார்த்து, வீடுகளுக்கு போன் போட்டு, எல்லாரையும் பத்திரமாக அனுப்பிவைத்தார். அப்போது நான் கோயிலில் காவடிக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். பத்து நாள் விரதத்தின் கடைசி மாலை. போனில் செய்தி கேட்டதும் கையிலிருந்த சரத்தை அப்படியே வைத்துவிட்டேன். அந்த ஒன்பது பேரில் கடைசியாக வீடு போய்ச் சேர்ந்த சின்னப் பெண்ணுக்கு ஒன்பது வயது. புதன்கிழமை வகுப்பில் அவள் என்னிடம் வீட்டுமொழியான கிரியோலில் கேட்டாள்: "மிஸ், ஊ தி தீர் நூ வினி." எங்களை வரச் சொன்னீர்களே என்கிறாள். கோபமாக இல்லை. தான் சரியாகத்தான் கேட்டோம் என்ற உறுதியோடு.

அவள் சொன்னது உண்மைதான் என்று எனக்குப் புரிய அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரத்தைப் பற்றியும், அதற்குப் பிறகு நான் அறிவிப்பு எழுதும் விதம் எப்படி மாறியது என்பதைப் பற்றியும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. தமிழ் வகுப்பு எடுக்கும் வேறு யாருக்காவது உதவும்.

முதலில் அந்த அறிவிப்பைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை நான் பள்ளிக்கு வர முடியாது என்பதால் ஞாயிறு இரவே போனில் பதிவு செய்து, பென் டிரைவில் போட்டு, ஒரு சக ஆசிரியையிடம் கொடுத்து அனுப்பியிருந்தேன். காலைக் கூட்டத்தில் தேசியக் கொடி ஏறி, தேசிய கீதம் முடிந்ததும் அதை ஆம்ப்ளிஃபயரில் செருகிப் போட்டார்கள். எழுதியது இது:

"அன்புள்ள தமிழ் மாணவ மாணவியரே, அனைவருக்கும் என் இனிய காலை வணக்கம். நாளை நமது தைப்பூசக் காவடித் திருநாள் பொதுவிடுமுறை என்பதால், தேசிய தின விழாவிற்காக இன்று மாலை நடைபெறுவதாக இருந்த பாடல் ஒத்திகைக்கு மாணவர்கள் வர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அடுத்த ஒத்திகை பதினேழாம் தேதி வழக்கமான நேரத்தில் நடைபெறும். நன்றி."

காகிதத்தில் படித்தால் குறையே தெரியாது. எழுதி முடித்ததும் எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. இலக்கணம் சரி, மரியாதை சரி, தகவல் முழுமை. ஆனால் இது காகிதத்துக்கு எழுதிய தமிழ். முற்றத்தில் நிற்கும் பிள்ளையிடம் காகிதம் இல்லை. அவளிடம் இருப்பது காது மட்டும்தான். அதிலும் ஒரே ஒரு தடவை கேட்கும் வாய்ப்பு.

புதன்கிழமை பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு காவல்காரரிடம் அதே பதிவை மறுபடி போடச் சொன்னேன். முதலில் அலுவலக வாசலில் நின்று கேட்டேன். சுவரில் இருக்கும் பெரிய ஹார்ன் ஸ்பீக்கருக்கு நேர் கீழே. எல்லாம் தெளிவாகக் கேட்டது. "வர வேண்டாம் என" என்பது அட்சரம் பிசகாமல் காதில் விழுந்தது. எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது. பிறகு முற்றத்தின் நடுவில் போய் நின்றேன். சத்தம் போதுமான அளவு இருந்தது, ஆனால் சொற்களின் ஓரம் மழுங்கியிருந்தது. கடைசியாகப் பாதாம் மரத்தடிக்குப் போனேன். காலைக் கூட்டத்தில் நான்காம் வகுப்பு வரிசை அங்கேதான் நிற்கும். மறுபடி போடச் சொன்னேன். "ஒத்திகைக்கு மாணவர்கள் வர வேண்டுமெனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." எழுதியவளான என் காதிலேயே அப்படித்தான் விழுந்தது. நான்கு முறை போடச் சொன்னேன். இரண்டு முறை வேண்டும், ஒரு முறை வேண்டாம், ஒரு முறை எதுவென்றே சொல்ல முடியவில்லை.

பாட்டுக் குழுவில் இருபத்து மூன்று பேர். காத்திருந்த ஒன்பது பேரும் நான்காம் வகுப்புப் பிள்ளைகள், அந்த மரத்தடி வரிசைக்காரர்கள். மற்ற பதினான்கு பேரும் பெரிய ஸ்பீக்கரின் பக்கம் நின்றவர்கள். பிள்ளைகளின் கவனக்குறைவு என்று சொல்ல இதில் ஒன்றுமே இல்லை.

அந்த மரத்தடியில் என்ன நடக்கிறது என்றால், அங்கே ஒரே அறிவிப்பு இரண்டு தடவை வந்து சேர்கிறது. பின் சுவரில் ஒரு சின்ன ஹார்ன் இருக்கிறது, மரத்திலிருந்து பத்து மீட்டர் இருக்கும். அலுவலகச் சுவரின் பெரிய ஹார்ன் ஐம்பத்தைந்து மீட்டர் தள்ளி. இரண்டிலிருந்தும் ஒலி ஒரே நொடியில்தான் கிளம்புகிறது. ஆனால் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். ஆக நாற்பத்தைந்து மீட்டர் வித்தியாசத்தைக் கடந்து வர பெரிய ஹார்னின் சத்தத்துக்கு ஏறக்குறைய 0.13 நொடி அதிகம் பிடிக்கிறது. சின்ன ஹார்ன் பக்கத்தில் இருந்தாலும் பலம் குறைவு; பெரியது தூரத்தில் இருந்தாலும் பலம் அதிகம். அதனால் மரத்தடியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு சத்தமாகக் கேட்கின்றன. ஒன்று மற்றதை அமுக்கிவிட்டால் தொந்தரவு இல்லை. சமமாக இருப்பதுதான் தொந்தரவு.

0.13 நொடி என்றால் கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் நான் வழக்கமாகப் படிக்கும் வேகத்தில் நொடிக்கு ஆறேழு அசை வாயிலிருந்து வருகிறது. அப்படியானால் ஒரு அசைக்கு ஆகும் நேரமும் ஏறக்குறைய அதேதான், 0.14 முதல் 0.17 நொடி. அதாவது மரத்தடியில் நிற்பவருக்கு ஒவ்வொரு அசையின் மேலும் அதற்கு முந்தைய அசை வந்து படுத்துக்கொள்கிறது. "டா" வரும்போது "வேண்" அதன் மேல். "மெ" வரும்போது "டா" அதன் மேல். "வேண்டாமென", "வேண்டுமென" இரண்டையும் எழுதிப் பாருங்கள். முக்கால் மணி நேரக் காத்திருப்புக்கும் நேராக வீடு போவதற்கும் வித்தியாசம் ஒரே ஒரு உயிரெழுத்து. ஆகாரமா உகரமா. அவ்வளவுதான். அதுவும் நான் அந்த ஆகாரத்தை நீட்டாமல், அடுத்த சொல்லோடு சேர்த்து, எழுத்துத் தமிழின் புணர்ச்சிப்படி விழுங்கிப் படித்திருக்கிறேன்.

பேச்சில் இந்தச் சிக்கல் வராது என்பதைக் கவனித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. வீட்டில் "வேணும்" என்கிறோம், "வேண்டாம்" என்கிறோம். ஒன்றில் டகரமே கிடையாது, இன்னொன்றில் அழுத்தமாக இருக்கிறது. வாய் தானாகவே இரண்டையும் தூரத் தூர வைத்துக்கொண்டது. எழுத்துத் தமிழ்தான் அவற்றை ஒட்டி உட்கார வைத்திருக்கிறது.

ஆனால் எதிரொலி மட்டும் காரணம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. எதிரொலி அந்தச் சொல்லை மங்க வைத்தது, சரி. மங்கிய சொல்லை "வேண்டும்" என்று ஏன் நிரப்பிக்கொண்டார்கள்? இங்கேதான் தமிழின் வாக்கிய அமைப்பு வருகிறது. தமிழில் ஆமா இல்லையா என்பது கடைசியில்தான் தெரியும். என் வாக்கியத்தை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் இருபத்தொரு சொல். "வேண்டாம்" பத்தொன்பதாவது. அதற்கு முன்னால் இருக்கும் பதினெட்டு சொல்லும் தேசிய தினம், இன்று மாலை, பாடல், ஒத்திகை, மாணவர்கள், வர என்று ஒத்திகையைத்தான் கண்முன் கொண்டுவருகின்றன. கேட்பவரின் மனம் அதற்குள் ஒத்திகைக்கு வந்து நின்றுவிடுகிறது. கடைசியில் ஒரு சொல் மங்கலாக வந்தால், ஏற்கெனவே முடிவானதற்கு ஏற்ப அதை எடுத்துக்கொள்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். இவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல். அதில் மறுப்பு முன்னால் வந்துவிடும். "பா வினி" என்றால் வராதே. "பா" என்று காதில் விழுந்த உடனே அடுத்து வருவது எதுவானாலும் அது இல்லை என்று தெரிந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த காது, வாக்கியத்தின் தொடக்கத்தில் மறுப்பு எதுவும் வராததால், இது உடன்பாடு என்று எடுத்துக்கொண்டிருக்கும். தமிழ் வீட்டுமொழியாக இருக்கும் பிள்ளை கடைசிவரை காத்திருக்கப் பழகியிருப்பாள். இவளை அப்படிக் காத்திருக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அதுவும் காலை வெயிலில் நின்றுகொண்டு.

தேதியும் குழம்பியிருந்தது. "பதினேழாம் தேதி" என்று நான் சொன்னதை இரண்டு பேர் பதினெட்டு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். பதினேழு, பதினெட்டு, இதில் "பதின்" வரை ஒரே ஒலி, அப்புறம் வருவது ஏகாரமா எகரமா என்பதுதான் கேள்வி. "வழக்கமான நேரம்" என்பது யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து அதே அறிவிப்பை மறுபடி எழுதினேன். ஏற்கெனவே நடந்து முடிந்ததற்கு எழுதி என்ன பயன் என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கு எழுதிப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. நாலைந்து தடவை மாற்றிய பிறகு இப்படி நின்றது. ஒரு கோடு என்றால் அரை நொடி, இரண்டு கோடு என்றால் ஒரு முழு மூச்சு.

தமிழ் வகுப்புப் பிள்ளைகளே / தமிழ் வகுப்புப் பிள்ளைகளே //
இன்று திங்கட்கிழமை //
இன்று மாலை / எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் //
மணி அடித்ததும் / நேராக வீட்டுக்குப் போங்கள் //
ரத்து / இன்றைய ஒத்திகை //
அடுத்த ஒத்திகை / அடுத்த திங்கட்கிழமை //
தேதி பதினேழு / ஒன்று, ஏழு //
மறுபடியும் சொல்கிறேன் //

இதன் பிறகு இரண்டாவது வரியிலிருந்து ஏழாவது வரிவரை அப்படியே ஒரு தடவை. கடைசியில், "நாளை காவடி / எல்லாருக்கும் முருகன் அருள் கிடைக்கட்டும்."

இதில் பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது, வர வேண்டாம் என்று சொல்வதை விட்டுவிட்டதுதான். பிள்ளை செய்யக் கூடாததைச் சொல்லவில்லை, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். "வீட்டுக்குப் போங்கள்" என்பதில் பாதி காதில் விழாமல் போனாலும் மிச்சம் இருப்பது "வீட்டுக்கு". அது தவறான இடத்துக்குக் கொண்டுபோகாது. "வர வேண்டாம்" என்பதில் பாதி போனால் மிச்சம் இருப்பது "வர". அது நேர் எதிரான இடத்துக்குக் கொண்டுபோகிறது. இப்போது ஒவ்வொரு வரியையும் எழுதியதும் கடைசிச் சொல்லைக் கையால் மறைத்துப் பார்க்கிறேன். மறைத்த பிறகு மிச்சம் இருப்பது எதிர்ப்பொருள் தந்தால் அந்த வரியை மாற்றிவிடுகிறேன். "ஓடாதீர்கள்" என்பது "மெதுவாக நடங்கள்" ஆகிறது. "பின் வாசல் வழியாகப் போகாதீர்கள்" என்பது "முன் வாசல் வழியாகப் போங்கள்" ஆகிறது. எல்லாவற்றையும் இப்படி மாற்ற முடியாது என்பதும் தெரியும். "நாளை பள்ளி இல்லை" என்பதற்கு "நாளை விடுமுறை" இருக்கிறது. "தண்ணீர் வராது" என்பதற்கு என்ன செய்வது? அங்கே "வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டு வாருங்கள்" என்று முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பின்னால் வைக்கிறேன்.

காரணத்தைப் பின்னால் வைப்பது எனக்கு எளிதாக வரவில்லை. தமிழில் காரணம் முன்னால் வருவதுதான் இயல்பு: இது நடப்பதால் அது இல்லை. அதனால்தான் என் பழைய வாக்கியம் காவடியில் தொடங்கியது. ஆனால் பிள்ளைகளுக்கு காவடி விடுமுறை என்பது ஏற்கெனவே தெரியும். தெரிந்த விஷயம் வாக்கியத்தின் நல்ல இடத்தை எடுத்துக்கொண்டது. இப்போது காவடி கடைசியில் வாழ்த்தாக நிற்கிறது. அந்த வரி காதில் விழாவிட்டாலும் யாரும் மழையில் நிற்கப் போவதில்லை.

தொடக்கத்தில் ஒரே அழைப்பை இரண்டு தடவை சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஸ்பீக்கர் பேசத் தொடங்கும் முதல் மூன்று நான்கு நொடிகள் யாருக்கும் கேட்காது. கீதம் முடிந்து பிள்ளைகள் கால் மாற்றி நிற்பார்கள், பை சரிசெய்வார்கள், பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு சொல் பேசிவிட்டுத்தான் திரும்புவார்கள். அந்த நேரத்தில் போகிற சொல் தொலையப் போகும் சொல். அங்கே வைக்க வேண்டியது யாரைக் கூப்பிடுகிறோம் என்பதை. முதல் தடவை தலையைத் திருப்ப வைக்கிறது, இரண்டாவது தடவை யாருக்கு என்று சொல்கிறது. வணக்கத்தைக்கூட எடுத்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் வகுப்பில் தினமும் சொல்லிக்கொள்கிறோம்.

மறுபடி சொல்லும்போது வார்த்தை மாறக் கூடாது. இதையும் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முன்பெல்லாம் இரண்டாவது தடவை அலுக்காமல் இருக்க வேறு விதமாகச் சொல்வேன். "அதாவது, இன்று நீங்கள் தங்க அவசியமில்லை" என்கிற மாதிரி. கேட்கிற பிள்ளை அதை இன்னொரு புதிய அறிவிப்பு என்று எடுத்துக்கொள்கிறாள். முதல் தடவை தவறவிட்ட ஓட்டையை இரண்டாவது தடவை அடைக்க வேண்டுமென்றால் அதே சொல் அதே இடத்தில் வர வேண்டும்.

எண்களை இப்போதெல்லாம் இரண்டு வழியில் சொல்கிறேன். தேதியோடு கிழமை. தேதியையும் பதினேழு என்று சொல்லி, பிறகு ஒன்று, ஏழு என்று பிரித்து. ஏழு, எட்டு இரண்டும் தனியாக வரும்போது அவ்வளவாகக் குழம்புவதில்லை, பதினோடு ஒட்டும்போதுதான் குழம்புகின்றன. கிழமையும் தேதியும் ஒன்றுக்கொன்று காவல். ஒன்றைத் தப்பாகக் கேட்டவர் மற்றதைக் கொண்டு சரிசெய்துகொள்ளலாம்.

வேகத்தைச் சொல்லவில்லையே. முற்றத்துக்கு நொடிக்கு மூன்று, மூன்றரை அசைதான் தாங்கும். வழக்கமான பேச்சில் பாதி. நிமிஷத்துக்கு எழுபது சொல்லுக்கு மேல் போனால் என் மரத்தடிக்காரர்களுக்குப் புரியாது. அதனால் இரண்டு தடவை சொல்லியும் ஒரு நிமிஷத்தில் முடிய வேண்டுமென்றால் ஒரு சுற்றில் முப்பது சொல்லுக்கு மேல் எழுத முடியாது. முதலில் இது என்னை நெருக்கியது. இப்போது அதுதான் நல்லது என்று தோன்றுகிறது. முப்பது சொல்லில் அடங்காத விஷயத்தை முற்றத்தில் சொல்லவே கூடாது, வகுப்பில் சொல்ல வேண்டும் அல்லது குறிப்பேட்டில் எழுதி அனுப்ப வேண்டும். ஆனால் மெதுவாகப் பேசுவது என்றால் ஒவ்வொரு எழுத்தையும் இழுப்பது இல்லை. இழுத்தால் குறில் நெடில் கெட்டுவிடும், "படம்" "பாடம்" ஆகிவிடும். சொல்லை இயல்பாகச் சொல்லிவிட்டு, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் நிற்க வேண்டும். எதிரொலி அந்த இடைவெளியில் வந்து விழட்டும். கோடு போட்டு எழுதுவது அதற்குத்தான். கோடு இல்லாத இடத்தில் என் வாய் தானாகப் புணர்ச்சி சேர்த்துவிடுகிறது.

பதிவு செய்யும் இடமும் முக்கியம். பழைய பதிவை நான் சமையலறையில் செய்திருந்தேன், அமைதியாக இருந்தது என்பதற்காக. ஆனால் டைல்ஸ் போட்ட சுவரும் தரையும் சேர்ந்து தம் பங்குக்கு ஒரு முழக்கத்தைக் குரலில் ஏற்றிவிட்டன. அந்த முழக்கத்தோடு போய் முற்றத்தின் எதிரொலியில் சேர்ந்தால் இரட்டிப்பு. இப்போது துணி அலமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பேசுகிறேன். தொங்கும் புடவைகள் ஒலியை வாங்கிக்கொள்கின்றன. போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வைக்கிறேன். நேராக வைத்தால் "பிள்ளைகளே", "போங்கள்" என்று பகரம் வரும்போதெல்லாம் மூச்சு மைக்கில் மோதித் தொப் என்று கேட்கும். தொடக்கத்தில் இரண்டு நொடி மௌனம் விட்டுத்தான் பேசுகிறேன். சில ஆம்ப்ளிஃபயர்கள் ஃபைலின் முதல் நொடியை விழுங்கிவிட்டுத்தான் பாடத் தொடங்கும்.

பதிவு முடிந்ததும் சோதனை. போனை வரவேற்பறையில் வைத்துப் போட்டுவிட்டு, சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அங்கே நிற்கும் என் மகனிடம் கேட்டதை எழுதச் சொல்கிறேன். அவன் தப்பாக எழுதினால் முன்பு சத்தத்தைக் கூட்டுவேன். அது வேலைக்கு ஆகாது. ஓர் அளவுக்கு மேல் கூட்டினால் ஹார்ன் கரகரக்கும், கரகரப்பில் மெய்யெழுத்துகள்தான் முதலில் போகும். இப்போது அவன் தப்பாக எழுதிய சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் போடுகிறேன்.

பதிவுக்கு என்று ஓர் அபாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நேரடியாகப் பேசுகிறவர் மழை வந்தால் நிறுத்துவார். பதிவு நிறுத்தாது. நேற்றைய பதிவு இன்றும் அதே நம்பிக்கையோடு பேசும். ஒரு தடவை பென் டிரைவில் இரண்டு ஃபைல் இருந்து, முந்தைய வாரத்தது ஓடிவிட்டது. "இன்று திங்கட்கிழமை" என்ற வரி அதற்குப் பிறகு சேர்ந்ததுதான். புதன்கிழமை காலையில் அப்படி ஒரு குரல் கேட்டால் போடுகிறவருக்கே தெரிந்துவிடும், நிறுத்திவிடலாம். பென் டிரைவில் ஒரே ஒரு ஃபைல்தான் வைக்கிறேன், பெயர் `2025-02-10.mp3` என்று தேதியாகவே இருக்கும். புயல் எச்சரிக்கை மாதிரி மணிக்கு மணி மாறக்கூடிய எதையும் பதிவு செய்வதே இல்லை. அது தலைமையாசிரியை மைக்கில் நேராகச் சொல்ல வேண்டியது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தமிழ் அறிவிப்பே வேண்டாம், கிரியோலில் சொன்னால் எல்லாருக்கும் புரியுமே என்று சிலர் சொன்னார்கள். தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளைகள் மழையில் நின்றார்கள் என்ற கவலையில் சொன்னார்கள். நான் பாதியை ஏற்றுக்கொண்டேன். வீடு போகும் நேரம், வாசல், வேன் சம்பந்தப்பட்ட எதுவானாலும் என் பதிவு முடிந்ததும் தலைமையாசிரியை அதையே கிரியோலில் ஒரு வரி சொல்கிறார். ஆனால் தமிழை விடச் சம்மதிக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் தமிழைக் கோயிலில் கேட்கிறார்கள், வகுப்பில் கேட்கிறார்கள், மேடையில் பாட்டாகக் கேட்கிறார்கள். எங்கேயும் அது அவர்களிடம் ஒரு வேலை சொல்வதில்லை. "இன்று மாலை வீட்டுக்குப் போங்கள்" என்று தமிழ் சொல்லி, அதைக் கேட்டு ஒரு பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், அந்தப் பிள்ளைக்குத் தமிழ் அன்றைக்கு வேலை செய்த மொழி. அந்த ஒரு நிமிஷத்துக்காக முப்பது சொல்லை நாலைந்து தடவை மாற்றி எழுத எனக்கு அலுப்பே இல்லை.

பதினேழாம் தேதி ஒத்திகைக்கு இருபத்து மூன்று பேரும் வந்தார்கள். மார்ச் 12 தேசிய தின விழாவுக்கான அறிவிப்பைப் பதிவு செய்ததும் அந்த ஒன்பது வயதுப் பெண்ணைக் கூப்பிட்டு, மதிய இடைவேளையில் மரத்தடியில் நிற்கச் சொன்னேன். கையில் பென்சிலும் துண்டுக் காகிதமும் கொடுத்தேன். நான் அலுவலக வாசலில் நின்று காவல்காரருக்குக் கை காட்டினேன். அறிவிப்பு ஓடி முடிந்தது. அவள் எழுதி முடித்தாள். முற்றத்தைக் கடந்து என்னிடம் நடந்து வந்தாள். காகிதத்தில் எல்லாம் எழுதி ஓர் இடத்தில் மட்டும் கோடு போட்டு விட்டிருந்தாள். வகுப்பில் பேசும் அந்த நிதானத் தமிழில் கேட்டாள்:

"மிஸ், பத்து மணியா, பத்தரை மணியா?"